இழுபட மறுத்த கர்டு

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் சிப்காட்டுக்குப் பின்பக்கம், லேத் பட்டறைகளுக்கு நடுவே இருந்த ஒரு ஷெட்டில்தான் நான் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். ஒரு பக்கம் கியர் கடைகிற சத்தம், இன்னொரு பக்கம் பவுடர் கோட்டிங் வாடை. நடுவில் நாங்கள் பீட்சாவுக்குப் போடுகிற மொசரெல்லா சீஸ் செய்தோம். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு தர்மபுரியிலிருந்து வந்தவள் நான். பால் சோதிப்பது, புளிப்பு பார்ப்பது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவது என் வேலை. ஓனர் அதற்கு முன் ஒரு கம்பெனியில் இருபது வருஷம் மெஷின் ஷாப்பில் இருந்தவர். எதையும் அளந்து பார்த்தால்தான் நம்புவார். ஆட்களையும் அப்படித்தான்.

சீஸை இழுப்பது ஒரு அக்கா. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். எண்பது டிகிரி தண்ணீரில் கையுறைக்கு மேல் கையுறை போட்டுக்கொண்டு கர்டைப் பிசைந்து, மடித்து, இழுத்து, மறுபடி மடிப்பார். திரைந்த பாலிலிருந்து மோர்த்தண்ணீரை வடித்த பிறகு நிற்கிற கட்டியைத்தான் நாங்கள் கர்டு என்போம். நல்ல நாளில் அது அவர் கையில் ஈரப் பட்டுத்துணி மாதிரி நீளும், பளபளக்கும்.

அது நீளுவதும் நீளாததும் புளிப்பைப் பொறுத்தது. பாலில் கல்ச்சர், அதாவது புளிக்கவைக்கிற நுண்ணுயிர், போட்டதும் அது மெல்லப் புளிக்க ஆரம்பிக்கும். புளிக்கப் புளிக்க, பால் புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிற சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விலகும். புளிப்பு ஏற ஏற இறங்குகிற பிஎச் எண் மீட்டரில் ஐந்து புள்ளி இரண்டைத் தொடும்போது பிடி சரியான அளவுக்குத் தளர்ந்திருக்கும். வெந்நீரில் போட்டால் இழுபடும். அதற்கு முன்னால் அவசரப்பட்டால் ரப்பர் மாதிரி விறைத்து அறுந்துபோகும். ரொம்ப விட்டுவிட்டால், ஐந்துக்கும் கீழே போய், வெந்நீரில் மணல் மாதிரி உதிர்ந்து தண்ணீரே வெளுத்துவிடும். எங்கள் ஷெட்டில் அந்த நேரம் மத்தியானம் ஒன்றரை, இரண்டு மணி. அதற்குள் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிடுவோம்; அக்கா தன் டப்பாவிலிருந்து எனக்கும் ஒரு பிடி சோறு வைப்பார். இரண்டு மணிக்கு மேல் யாருக்கும் உட்கார நேரம் கிடைக்காது.

ஒரு பங்குனி மாதத்தில் இரண்டு மணிக்கு மீட்டர் ஐந்து புள்ளி ஆறில் நின்றது.

"கொஞ்சம் பொறுக்கலாம் சார்" என்றேன்.

மூன்று மணிக்கு ஐந்து புள்ளி ஐந்து. ஓனர் பொறுமை இழந்தார். அக்கா கட்டியிலிருந்து ஒரு துண்டு கிள்ளி, கிண்ணத்து வெந்நீரில் முக்கி, இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார். விரல் நீளம்கூட வரவில்லை. நடுவில் பட்டென்று அறுந்தது. அறுந்த இடம் கோழிக்கறி பிய்த்த மாதிரி நார்நாராக இருந்தது.

"தண்ணி சூடு பத்தலையா?" என்றார் ஓனர்.

"எண்பது இருக்குது சார்" என்றார் அக்கா.

"தொண்ணூறு வெச்சுப் பாருங்க."

வைத்தோம். இழுபடுவதற்குப் பதிலாக நெய் பிரிந்து தண்ணீர் மேல் மஞ்சளாக மிதந்தது. கர்டு இன்னும் முறுக்கிக்கொண்டது. அன்றைய பால் முழுக்க வீண். அடுத்த நாள் ஒழுங்காக வந்தது. அதற்கடுத்த நாள் மறுபடி ஐந்து புள்ளி ஆறு. அன்று இழுக்க வேண்டாம், குளிர் அறையில் வைத்துக் காலையில் பார்க்கலாம் என்றேன். காலையில் மீட்டர் நாலு புள்ளி எட்டு காட்டியது. வெந்நீரில் போட்டதும் கரைந்து கஞ்சி ஆகிவிட்டது.

முதலில் நான் சந்தேகப்பட்டது மீட்டரை. புது பஃபர் கரைசல் பிரித்து அதைச் சரிபார்த்தேன். போதாதென்று மோர்த்தண்ணீரை எடுத்து பினாப்தலின் விட்டு, சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் புளிப்பை அளந்தேன். அதுவும் மீட்டர் சொன்னதையே சொன்னது. புளிப்பு நிஜமாகவே குறைவு. பிறகு பாலைக் காய்ச்சுகிற தொட்டியின் தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டேன். பாலை அளவுக்கு மேல் காய்ச்சினால், மோரோடு போகவேண்டிய புரதம் கர்டில் ஒட்டிக்கொண்டு இழுபடவிடாது. ஆனால் அப்படி ஆனால் கர்டு கொழகொழவென்று இருக்கும். எங்களுடையது விறைப்பாக இருந்தது. கல்ச்சரை வைத்திருந்த ஃப்ரீசரையும் விடவில்லை. கரண்ட் போனதை மறைத்தார்களோ என்று வாட்ச்மேனிடம் மூன்று தரம் கேட்டேன். மூன்றாவது தரம் அவர் எழுந்து போய்விட்டார்.

கடைசியில் எல்லோருடைய கண்ணும் பாலின் மேல் வந்து நின்றது.

எங்களுக்குப் பால் மூன்று இடத்திலிருந்து வந்தது. ஒன்று பாகலூர் பக்கத்துப் பண்ணை. ஒன்று குந்தாரப்பள்ளியிலிருந்து ஒருவர். மூன்றாவது, நாங்கள் பாய் என்று கூப்பிடுகிற ஒருவர். தளியைத் தாண்டி ஜவளகிரிப் பக்கம் இருபது வீட்டில் பால் வாங்கி, விடிகாலையில் தன் டெம்போவில் ஐந்து கேன் கொண்டுவருவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். எல்லோருக்கும் முன்னால் அவர் வண்டிதான் கேட்டுக்கு வரும். நிரம்பிய கேன்களை இறக்கிவிட்டு, நாங்கள் முந்தின நாள் கழுவி வைத்த காலி கேன்களில் ஐந்தை ஏற்றிக்கொண்டு போவார்.

மூன்று பேர் பாலையும் மூன்று பாட்டிலில் தனித்தனியாக எடுத்தேன். ஒரே கல்ச்சரை ஒரே அளவு விட்டு வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தினேன். நான்கு மணி நேரத்தில் இரண்டு பாட்டில் கெட்டித் தயிர் ஆனது. பாயின் பாட்டிலைச் சாய்த்தால் பால் ஓடியது. அவர் பாலில் ரோசாலிக் ஆசிட் சொட்டினேன். நல்ல பாலாக இருந்தால் பழுப்பாக நிற்கும். அது ரோஜாச் சிவப்பாக மாறியது. பாலில் சோடா இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வெயில் நாளில் பால் புளித்தது தெரியாமல் இருக்கச் சிலர் சோடா மாவு போடுவார்கள், படிக்கும்போதே கேள்விப்பட்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஓனர் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, "ஒரு தடவ பாத்தாப் பத்தாது" என்றார். இரண்டு நாள் கழித்து விடிகாலையில் நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சொல்லாமல் ஜவளகிரி போனேன். பாய் பால் வாங்குகிற இடம் ஒரு புங்க மரத்தடி. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அதையும் நான் குறித்துக்கொண்டேன்.

"என்னங்க மேடம், இவ்ளோ தூரம்?"

"சும்மாதான் பாய். பால் எப்பிடி வருதுன்னு பாக்கலாம்னு."

"பாருங்க, பாருங்க. நல்லாப் பாருங்க."

அளக்கிற பாத்திரத்திலிருந்தே என் பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். வரிசையில் நின்ற பெண்கள் பேசுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி கன்னடத்தில் ஏதோ கேட்டாள். பாய் தலையை மட்டும் ஆட்டினார். அவர் ஏதோ சைகை காட்டுகிறார் என்று எனக்குத் தோன்றியது.

அந்தப் பாட்டில் பாலில் சிவப்பு வரவில்லை. நான்கு மணி நேரத்தில் அழகாக உறைந்தது. அதே காலையில் பாய் இறக்கிய கேனில் எடுத்த பால் உறையவில்லை.

கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் அங்கேயே விஷயம் விளங்கியிருக்கும். நான் யோசிக்கவில்லை. மரத்தடியில் பால் நன்றாக இருக்கிறது, கேட்டில் கெட்டிருக்கிறது, ஆகவே வழியில் ஏதோ நடக்கிறது என்று முடிவு கட்டினேன். தளிக்கும் ஓசூருக்கும் நடுவில் அவர் எங்கே வண்டியை நிறுத்துகிறார் என்றுகூட இரண்டு பேரிடம் விசாரித்தேன். ஒரு டீக்கடையில் நிறுத்துவார் என்றார்கள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் கேட்டிலேயே ஓனர் பேசினார். நான் பக்கத்தில் சிவப்பு டெஸ்ட் டியூபைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாய், உங்க பால்ல சோடா இருக்குது."

பாய் டியூபைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "நீங்க வந்து பாத்தீங்கல்ல மேடம்?"

"அங்க நல்லா இருந்துது. இங்க வரும்போது இல்ல" என்றேன்.

"அப்போ வழியில நான் போடறேன்னு சொல்றீங்க."

பாய் டெம்போவின் பின்கதவைச் சாத்தினார். ஐந்து கேனையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் பாலை நிறுத்திய மறுநாளே கர்டு இழுபட்டது. அதற்கடுத்த நாளும். ஐந்து புள்ளி இரண்டு, மணி ஒன்றே முக்கால், அக்கா கையில் ஒரு முழ நீளத்துக்குப் பளபளவென்று வந்தது. ஓனர் முதல் தடவையாக என் தோளில் தட்டினார். ஒன்பது நாள் அப்படிப் போனது.

குறைந்த பாலுக்குப் பதிலாகக் குந்தாரப்பள்ளிக்காரர் இன்னும் ஐந்து கேன் சேர்த்துக் கொண்டுவர ஒத்துக்கொண்டார். பழையபடி நாளைக்குப் பதினாறு கேன். அவர் அப்படிக் கொண்டுவர ஆரம்பித்த இரண்டாம் நாள், இரண்டு மணிக்கு மீட்டர் ஐந்து புள்ளி ஆறு காட்டியது.

நான் மீட்டரைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே எண்தான். அக்கா துண்டை இழுத்தார், அறுந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஓனர் என்னை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். "ஏம்மா, வேற எங்கயாவது இன்டர்வியூ போனியா?"

"இல்லீங்க சார்."

"பெங்களூர்ல புதுசா ஒரு யூனிட் வருது. நம்ம ஆளுங்களக் கூப்புடறாங்கன்னு கேள்விப்பட்டேன். கல்ச்சர் உன் கையில இருக்குது, மீட்டர் உன் கையில இருக்குது. அதான் கேட்டேன்."

இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அது சந்தேகத்துக்குத் தீனி ஆகும் என்று அப்போது புரிந்தது. பாய் ஏன் சத்தம் போடவில்லை என்பதும் கொஞ்சம் புரிந்தது. ஆனாலும் வெளியே வந்ததும் என் மூளை அக்கா பக்கம்தான் போனது. கை சுடுகிறது என்று அவர் அடிக்கடி சொல்லுவார். கர்டை அடிக்கடி தொடுவது அவர்தான். கையில் ஏதாவது மருந்து தடவுகிறாரா? அடுத்த நாள் முழுக்க நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கையுறையைக் கழற்றி உள்ளங்கை இரண்டையும் என் முன்னால் விரித்துக் காட்டினார். வெந்து வெந்து தோல் தடித்துப்போன கை. "பாத்துக்கம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதே அக்காதான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். இழுத்து உருட்டிய சீஸைப் போட ஐஸ் தண்ணீர் வேண்டும். அன்று வாளி எங்கோ போய்விட்டதால், கழுவி வைத்த கேன் ஒன்றைத் திறந்து அதில் தண்ணீர் பிடித்தார். கையை விட்டதும் வெளியே எடுத்து விரலோடு விரலைத் தேய்த்தார்.

"ஏம்மா, இது வழுக்குது."

"எது?"

"கேன்ல இருக்கிற தண்ணி. சோப்புத் தண்ணி மாதிரி வழுக்குது. வந்து பாரு."

நானும் தொட்டேன். வழுக்கியது. வரிசையில் கடைசியாகக் கழுவி, கேட் ஓரமாக நிறுத்தியிருந்த கேன்களைத் திறந்து பார்த்தேன். கேனைக் கவிழ்த்து வைக்கிற ஸ்டாண்டில் பதினொன்றுதான் பிடிக்கும். மிச்சம் ஐந்தும் நிமிர்ந்தபடி தரையில் நின்றன. அடியில் அரை லிட்டர், முக்கால் லிட்டர் தண்ணீர் தேங்கியிருந்தது. சோடா இருந்தால் சிவக்கிற பினாப்தலினை அதில் இரண்டு சொட்டு விட்டேன். அடர்ந்த ஊதா கலந்த சிவப்பு. குழாய்த் தண்ணீரிலும் விட்டுப் பார்த்தேன். நிறம் வரவில்லை. ஸ்டாண்டில் முதலில் கவிழ்த்த கேனை அலசிப் பார்த்தேன். அதிலும் வரவில்லை.

பதினொன்று நல்ல கேன். ஐந்து கெட்ட கேன்.

கழுவுகிற இடத்துச் சுவரில் பாலித்தீன் உறைக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. என் கையெழுத்து. அந்த வெயிலில் போர் தண்ணீர் குறைந்து லாரித் தண்ணீர் வாங்க ஆரம்பித்தபோது, தண்ணீரை மிச்சம் பிடிக்க வழி சொல் என்று ஓனர் கேட்டார். ஒவ்வொரு கேனையும் குழாயில் அலசுவதற்குப் பதிலாக, ஒரு தொட்டி தண்ணீரிலேயே எல்லா கேனையும் முக்கி அலசலாம் என்று எழுதிக் கொடுத்தது நான்தான். கேன் கழுவுகிற பவுடரில் சோடாவும் இருந்தது, கிருமியைக் கொல்கிற மருந்தும் இருந்தது. முதல் கேனுக்கு அந்தத் தொட்டி நல்ல தண்ணீர். பன்னிரண்டாவது கேன் வரும்போது அதுவே சோப்புத் தண்ணீர். கழுவினவர்கள் நான் எழுதியதை ஒரு வரி தவறாமல் செய்திருக்கிறார்கள். தண்ணீர் லாரி வந்த நாட்களில் மட்டும் பாதியில் தொட்டித் தண்ணீரை மாற்றியிருக்கிறார்கள். அதுதான் நடுநடுவே கர்டு நன்றாக வந்ததற்குக் காரணம்.

முதலில் வருகிற வண்டிக்குக் கேட் ஓரத்துக் கேன். பாய்தான் முதலில் வந்தார். மரத்தடி இருட்டில் மூடியைத் திறந்து அந்தத் தண்ணீர் மேலேயே பாலை ஊற்றியிருக்கிறார்கள். சோடா ரோசாலிக்கைச் சிவப்பாக்கியது. கிருமி மருந்து கல்ச்சரைப் பாதி கொன்றது. புளிப்பு ஏறவில்லை, சுண்ணாம்பு விடவில்லை, கர்டு இழுபடவில்லை. பாயை நிறுத்தியதும் கேன் பதினொன்றாகக் குறைந்தது. எல்லாம் ஸ்டாண்டிலேயே கவிழ்ந்து வடிந்தன. அதனால் அவர்தான் குற்றவாளி என்று ஒன்பது நாள் நிரூபணம் கிடைத்தது.

தாளைக் கிழித்துக்கொண்டு ஓனரிடம் போனேன். அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். அவர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். "நானும்தானே சரின்னு சொன்னேன்" என்றார். பிறகு, "பாய்கிட்ட யார் சொல்றது?" என்று கேட்டார். அது கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும்.

பாயை அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். டெம்போ வாசலில் நின்றது. உட்காரச் சொன்னார். அவர் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரம் நின்றுகொண்டார். நான் கேன், தொட்டி, என் தாள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"என்கிட்ட சொல்லிட்டீங்க. சரி. அந்த இருபது வீட்டுக்கு யாரு சொல்றது?" என்றார் பாய்.

"அவங்களுக்கு எப்பிடித் தெரியும் பாய்?"

"நீங்க பாட்டில்ல பிடிச்சிட்டுப் போனீங்க. மறுநாளே பால் திரும்பி வந்துது. தெரியாம இருக்குமா? சில பேரு நான் போட்டேன்னு சொல்றாங்க. சில பேரு பக்கத்து வீட்டுக்காரிதான் போட்டான்னு சொல்றாங்க. ரெண்டு வீடு பேச்சுவார்த்தையே இல்ல."

"நானே வந்து சொல்றேன்."

"வாங்க" என்றார். நம்பிய குரல் இல்லை அது.

விடிகாலையில் மறுபடி அந்தப் புங்க மரத்தடியில் நின்றேன். தப்பு எங்கள் கேனில், கழுவச் சொன்னது நான், உங்கள் பாலிலும் பாய் மேலும் எந்தக் குறையும் இல்லை என்று சொன்னேன். பாய் அதைக் கன்னடத்தில் சொன்னார். தெலுங்கு பேசுகிற ஒருவர் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. முன்னால் நின்ற ஒரு பெண், பால் சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னிடம் தமிழிலேயே கேட்டாள்.

"யாரு சொல்லச் சொல்லி வந்த?"

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் வந்தேன்."

"அன்னிக்கும் நீயாத்தான் வந்த."

அவள் முறை வந்ததும் பாலை ஊற்றினாள். அளவைக் குனிந்து பார்த்தாள். அளந்து முடிந்த பிறகும் இன்னொரு முறை பார்த்தாள்.

பாய் மறுபடி எங்களுக்குப் பால் கொண்டுவந்தார். ஆனால் எங்கள் கேன் வேண்டாம் என்றார். சொந்தமாக ஐந்து கேன் வாங்கி, தன் வீட்டிலேயே கழுவி, மூடிக்குப் பூட்டுப் போட்டுக் கொண்டுவந்தார். சாவி அவர் சட்டைப் பையில். கேட்டில் திறந்ததும், "டெஸ்ட் பண்ணுங்க மேடம், நான் நிக்கறேன்" என்பார். நான் டெஸ்ட் டியூபில் ரோசாலிக்கை விடுவேன். பழுப்பு நிறம் நிற்கிறவரை அவர் கண் டியூபை விட்டு நகராது. பிறகுதான் கேனை இறக்குவார். அது அவமானமா நியாயமா என்று எனக்கு அந்த நாட்களில் தீர்மானிக்க முடியவில்லை. நியாயம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். கை வேலையை நிறுத்தாமல், "நீ என் கையத்தான பாத்த, கையில என்ன இருக்குது" என்றார். அன்று கர்டு நன்றாக இழுபட்டது. அவர் அதை மடித்து மடித்து இழுத்துக்கொண்டே என்னை ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் பழையபடி தன் டப்பாவிலிருந்து எனக்கு ஒரு பிடி சோறு எடுத்து வைத்தார்.